தேடினேன், ஓடினோம், மகிழ்ந்தேன்: மாணவர் எழுதும் கதையில் வாக்கியத்தின் நடை

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'மறக்க முடியாத நிகழ்ச்சி' ஒன்றை எழுதச் சொன்னால் பெரும்பாலும் எப்படி எழுதுவார்களோ, அந்த நடையில் ஒரு பத்தியை எழுதிக் காட்டுகிறேன். வளர்த்த ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்துவிட்ட கதை இது.

"நேற்று மாலை நான் பள்ளியிலிருந்து வீட்டிற்கு வந்தேன். நான் பையை வைத்தேன். நான் ஆட்டுக்குட்டியைத் தேடினேன். அதைக் காணவில்லை. நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவும் தேடினார். பிறகு நாங்கள் தோட்டத்திற்குச் சென்றோம். பிறகு கிணற்றுப் பக்கம் சத்தம் கேட்டது. நாங்கள் ஓடினோம். குட்டி கிணற்றுக்குள் விழுந்து கிடந்தது. மாமா கயிறு கட்டி இறங்கினார். மாமா குட்டியைத் தூக்கி வந்தார். நான் மிகவும் மகிழ்ச்சி அடைந்தேன்."

இதில் எழுத்துப் பிழையோ ஒற்றுப் பிழையோ இல்லை. எழுவாயும் பயனிலையும் சரியாகப் பொருந்துகின்றன. நிகழ்ச்சிகள் நடந்த வரிசையிலேயே வருகின்றன. திருத்தும் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு 'சரி' போட்டுவிட்டு அடுத்த ஏட்டை எடுக்கலாம். ஆனாலும் படிக்கும்போது நெஞ்சில் எதுவும் தைக்கவில்லை. ஓர் உயிர் கிணற்றில் கிடக்கிறது. அந்த வாக்கியமும் பையை வைத்த வாக்கியமும் ஒரே குரலில் ஒலிக்கின்றன.

ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு சிறிய வேலை போதும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் ஏட்டின் ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். வந்தேன், வைத்தேன், தேடினேன், காணவில்லை, கேட்டேன், தேடினார், சென்றோம், கேட்டது, ஓடினோம், கிடந்தது, இறங்கினார், வந்தார், அடைந்தேன். 13 வாக்கியங்களில் 10 வாக்கியங்கள் ஏன், ஓம், ஆர் என்ற மூன்று ஒலிகளுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அடுத்து, அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை சொற்கள் என்று எழுதட்டும்: 6, 3, 3, 2, 3, 2, 4, 5, 2, 4, 4, 4, 4. மிக நீளமான வாக்கியமே 6 சொல்தான். அதுவும் முதல் வரியிலேயே, பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்ததற்காகச் செலவாகிவிட்டது. மாமா கிணற்றில் இறங்கியதற்குக் கிடைத்தவை 4 சொற்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்த பிள்ளைக்கு 'நடையை மாற்று' என்று தனியாகச் சொல்லவேண்டிய தேவை வராது. எங்கே ஒரே தாளம் விழுகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். சொற்களின் எண்ணிக்கை ஒரு தோராயக் கணக்குதான். 'ஓடிக்கொண்டிருந்தபோது' என்பதைச் சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்து எழுதினால் இரண்டு, மூன்று. அதனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். எண்கள் ஏறி இறங்குகின்றனவா, ஒரே மட்டத்தில் கிடக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

வாக்கியத்தின் தலையைவிட வாலைப் பார்க்கச் சொல்வதற்குத் தமிழில் தனிக் காரணம் உண்டு. நம் வாக்கியம் இயல்பாக வினைமுற்றில் போய் முடிகிறது. அந்த வினைமுற்று, செய்தவர் யார் என்பதையும் தன் விகுதியிலேயே சுமந்து நிற்கிறது. ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது 'ஏன்' என்ற விகுதி திரும்பத் திரும்ப வந்தே தீரும். அதைக் குறையென்று சொல்ல முடியாது. மொழியின் அமைப்பே அப்படி. ஆனால் மூன்று மூன்று சொல்லுக்கு ஒருமுறை அது வந்து விழுந்தால், காது அதை மட்டுமே கேட்கும், கதையைக் கேட்காது. அதே விகுதி பதினைந்து சொல் தள்ளி வரும்போது யாரும் கவனிப்பதில்லை. ஆகவே தமிழில் கதை எழுதும் பிள்ளைக்கு முதல் கேள்வி, 'இந்த வினைமுற்றை இங்கே வைக்கத்தான் வேண்டுமா, தள்ளிப்போடலாமா, இல்லாமலேயே முடிக்கலாமா' என்பதுதான்.

தள்ளிப்போட நம்மிடம் கருவிகள் நிறைய. பள்ளி இலக்கணத்தில் வினையெச்சம், பெயரெச்சம் என்று படித்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, மதிப்பெண் வாங்கி மறந்துபோகிறோமே, அவைதான். 'வந்தேன், வைத்தேன்' என்பதை 'வந்து வைத்தேன்' என்றாக்கினால் ஒரு முற்று குறைந்தது. 'மாமா வந்தார். அவர் கயிறு கொண்டுவந்தார்' என்பதைக் 'கயிற்றோடு வந்த மாமா' என்றாக்கினால் ஒரு முழு வாக்கியமே ஒரு பெயருக்கு முன்னால் அடங்கிவிட்டது. தனித்தொடரைக் கலவைத்தொடராக மாற்றுக என்ற பயிற்சி பாடநூலில் இருக்கிறது. அது இலக்கணப் பாடத்தோடு நின்றுவிடுகிறது; அந்தப் பிள்ளை தானே எழுதிய கட்டுரைக்குள் வந்து சேர்வதில்லை. என் ஆதங்கம் இதுதான்.

சரி, 'வாக்கியங்களைச் சேர்த்து எழுது' என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும்? இப்படி நடக்கும்:

"நேற்று மாலை நான் பள்ளியிலிருந்து வீட்டிற்கு வந்து, பையை வைத்துவிட்டு, ஆட்டுக்குட்டியைத் தேடிப் பார்த்து, அதைக் காணாமல் அம்மாவிடம் கேட்டு, அம்மாவோடு தோட்டத்திற்குச் சென்று, கிணற்றுப் பக்கம் சத்தம் கேட்டு, ஓடிப்போய்ப் பார்த்தபோது குட்டி கிணற்றுக்குள் விழுந்து கிடந்தது."

கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இந்தப் பள்ளத்தில் விழுவார்கள். இலக்கணப்படி இதிலும் பெரிய குற்றமில்லை. ஆனால் சரக்கு ரயிலின் பெட்டிகள்போல வந்து, வைத்து, தேடி, கேட்டு, சென்று என்று ஒரே அளவில் நகர்கிறது. முன்பு ஏன், ஏன் என்று கேட்ட காதுக்கு இப்போது து, டு என்று கேட்கிறது. பையை வைத்ததற்கும் சத்தம் கேட்டதற்கும் அப்போதும் ஒரே எடைதான். சத்தம் கேட்ட இடத்தில் கதை ஒரு கணம் நிற்க வேண்டும். அது ஆறாவது எச்சமாகக் கடந்து போய்விடுகிறது. நீளத்தைக் கூட்டுவது வேறு, நடையைச் சீராக்குவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இந்தத் தொடரில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. வந்து, தேடி, பார்த்து என்பவை 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள். அவற்றைச் செய்தவரே முடிவில் வரும் வினையையும் செய்ய வேண்டும் என்பது பொது விதி. 'நான் வீட்டிற்கு வந்து குட்டி காணாமல் போயிருந்தது' என்று பிள்ளைகள் எழுதுவது இந்த விதி நழுவுவதால்தான். வந்தவள் ஒருத்தி, காணாமல் போனது வேறொன்று. 'மழை பெய்து பயிர் விளைந்தது' என்பதுபோல ஒன்றால் மற்றொன்று விளையும் இடங்களை மொழி ஏற்றுக்கொள்கிறது. எல்லா இடத்திலும் ஏற்காது. ஆள் மாறும் இடத்தில் 'வந்தபோது', 'வந்ததும்', 'அம்மா நடக்க நான் ஓடினேன்' என்பதில் வருகிற 'நடக்க' ஆகிய வடிவங்கள் கைகொடுக்கும். நீளமான வாக்கியம் எழுதத் தொடங்கும் எந்தப் பிள்ளைக்கும் இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பாதி வாக்கியத்தில் ஆள் மாறி, படிப்பவர் யாரென்று தேட வேண்டி வரும்.

பழைய உரையாசிரியர்களின் உரைநடையில் எச்சத்தின்மேல் எச்சமாக நீளும் வாக்கியங்கள் உண்டு. ஓலைச்சுவடியில் இன்று நாம் இடும் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் கிடையா. அச்சோடு வந்து பரவியவை அவை. 19-ஆம் நூற்றாண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பாலபாடம் எழுதிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், இந்தக் குறிகளைத் தமிழ் உரைநடையில் ஊன்றியவர்களில் முதன்மையானவர். வாக்கியம் எங்கே நிற்க வேண்டும் என்பதை எழுதுபவர் தானே முடிவுசெய்து ஒரு புள்ளியால் காட்டுவது தமிழில் ஒப்பளவில் புதிய உரிமை. ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தப் புள்ளியை எங்கே வைப்பதென்று தடுமாறுவதில் வியப்பில்லை.

ஏட்டை மூடி வைத்துவிட்டு, நடந்ததை வாயால் சொல்லச் சொல்லுங்கள். அதே மாணவி இப்படித்தான் சொல்வாள்: "ஸ்கூல் விட்டு வந்தேனா, பையைத் திண்ணையில போட்டுட்டு நேரா கொட்டாய்க்குத்தான் போனேன். குட்டியக் காணோம் டீச்சர்! புளியமரத்தடியில இல்ல, வைக்கப்போருக்குப் பின்னாடி இல்ல. அம்மாதான், தோட்டத்துப் பக்கம் போயிருக்கும் வாடின்னாங்க. மாமா எறங்குனாரு பாருங்க, ஒவ்வொரு கல்லா... ஒரு எடத்துல பாசி வழுக்கிருச்சு. எங்க யாருக்கும் பேச்சே வரல."

கேட்டீர்களா? ஏட்டில் இல்லாத ஏற்ற இறக்கம் அத்தனையும் இதில் இருக்கிறது. நீண்ட வாக்கியத்தை அடுத்து 'காணோம்' என்று ஒரு வெட்டு. 'இல்ல, இல்ல' என்ற அடுக்கு. இறங்குவதைச் சொல்லும்போது பேச்சே மெதுவாகிவிடுகிறது. இந்தப் பிள்ளைக்குத் தாளம் தெரியும். எழுதும்போது மட்டும் அது காணாமல் போகிறது. பேசுகிற தமிழும் எழுதுகிற தமிழும் நமக்கு வேறுவேறாக இருப்பதால், எழுத உட்கார்ந்ததுமே சொல்லைத் திருத்துவதில் கவனமெல்லாம் போய்விடுகிறது. 'போட்டுட்டு' என்பதை என்னவென்று எழுதுவது என்ற அச்சத்தில், தவறே நேராத மூன்று சொல் வாக்கியத்துக்குள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அது சோம்பலால் வருவதென்று நான் நினைக்கவில்லை. பிழைக்குப் பயந்து தேடிக்கொண்ட பாதுகாப்பு அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாயால் சொன்னபோது திண்ணை வந்தது, கொட்டகை வந்தது, புளியமரம் வந்தது, பாசி வந்தது. ஏட்டில் இவை எதுவும் இல்லை. சொல்ல விஷயமில்லாத வாக்கியத்தை நீட்டினால் வெறும் சொல்தான் பெருகும்: 'நான் மிகவும் ஆர்வத்துடன் என் அன்பான அழகான குட்டியைத் தேடினேன்.' ஆகவே வாக்கியத்தில் கை வைப்பதற்கு முன் கேள்விகள் வேண்டும். எங்கெல்லாம் தேடினாய்? அம்மா என்ன சொன்னார்? எட்டிப் பார்த்தபோது குட்டி எங்கே, எப்படி இருந்தது? மாமா எதைப் பிடித்து இறங்கினார்? அப்போது நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்? பதில்களைச் சிறு குறிப்பாக ஏட்டின் எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

பிறகு, எழுதுவதற்கு முன் ஒரே ஒரு முடிவு எடுக்க வேண்டும். இந்தக் கதையில் காலம் எங்கே வேகமாக ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே ஊர்ந்து நகர வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் பையை வைத்ததும் வேகமாகப் போகலாம். குட்டி இல்லை என்று தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். மாமா இறங்கும் இடம் ஊர்ந்து நகர வேண்டும். நீளமும் குறுக்கமும் இந்த முடிவிலிருந்துதான் பிறக்க வேண்டும். மாற்றி எழுதியது இது:

"நேற்று மாலை பள்ளி விட்டு வந்து பையைத் திண்ணையில் வைத்ததுமே குட்டியைத் தேடினேன். காணோம். கொட்டகையில் இல்லை, புளியமரத்தடியில் இல்லை, வைக்கோல் போருக்குப் பின்னாலும் இல்லை. 'தோட்டத்துப் பக்கம் போயிருக்கும், வா' என்றபடியே அம்மா முன்னால் நடக்க, நான் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். வாழைக்கு நடுவே நின்று காது கொடுத்துக் கேட்டோம். ஒரு சத்தம். மறுபடியும். கிணற்றுக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்குச் சற்று மேலே, சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு படிக்கல்லில், நான்கு கால்களையும் ஒடுக்கிக்கொண்டு நடுங்கியபடி நின்றது குட்டி. மாமா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையைத் தென்னைமரத்தில் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து, பாசி வழுக்கிய இடத்தில் ஒருமுறை தடுமாறி நின்று, மறுபடியும் மெதுவாக இறங்கினார். யாரும் பேசவில்லை. அவர் மேலே வந்தபோது குட்டி அவருடைய தோளில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியது."

இப்போது சொற்களை எண்ணிப் பார்த்தால் 10, 1, 8, 15, 6, 2, 1, 4, 2, 13, 23, 2, 7, 3. ஏற்றமும் இறக்கமும் தெரிகின்றன. ஆனால் எண் இங்கே விளைவு மட்டும்தான். ஒவ்வோர் இடத்திலும் என்ன செய்தோம் என்பதைப் பார்ப்போம்.

முதல் வாக்கியத்தில் பழைய பத்தியின் மூன்று வாக்கியங்கள் அடங்கிவிட்டன. 'நான்' போய்விட்டது. 'தேடினேன்' என்ற சொல்லே தேடியவர் யார் என்று சொல்லிவிடுவதால் எழுவாய் தோன்றாமல் இருக்கலாம். தமிழ் தரும் இந்தச் சலுகையைப் பிள்ளைகள் பயன்படுத்துவதே இல்லை. பழைய பத்தியில் ஐந்து முறை வந்த 'நான்' இப்போது ஒரே ஒருமுறை வருகிறது. அதுவும் அம்மா முன்னால், நான் பின்னால் என்று இருவரைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில். அங்கே 'நடக்க' என்று எழுதியதால், ஆள் மாறியும் வாக்கியம் முறியவில்லை.

'காணோம்' என்பது ஒற்றைச் சொல். பத்துச் சொல் வாக்கியத்தை ஓடவிட்டு, அடுத்து இதை வைத்ததால்தான் இது வெட்டுகிறது. இரண்டு சொல், மூன்று சொல் வாக்கியங்களுக்கு நடுவே இருந்தபோது 'அதைக் காணவில்லை' என்பதற்கு இந்த வலு இல்லை. குறுகிய வாக்கியத்துக்குத் தனியாக ஆற்றல் கிடையாது; முன்னால் நிற்கும் நீண்ட வாக்கியம் கொடுக்கும் ஆற்றல் அது.

மூன்றாவது வாக்கியத்தில் 'இல்லை' மூன்று முறை வருகிறது. ஒரே சொல் திரும்ப வரக் கூடாது என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிச் சொல்லி, வேண்டிய இடத்திலும் அஞ்ச வைத்துவிட்டோம். தேடுகிறவள் ஒவ்வோர் இடமாகப் போய் ஏமாறுகிறாள். அந்த ஏமாற்றம்தான் திரும்ப வருகிறது. பழைய பத்தியில் 'தேடினேன், தேடினார்' என்று திரும்பி வந்ததற்கு அப்படி ஒரு காரணம் இல்லை.

'ஒரு சத்தம். மறுபடியும்.' இவற்றில் வினைமுற்று இல்லை. இலக்கணப்படி முழு வாக்கியமா என்று ஆசிரியர் கேட்கலாம். கதையில் இதற்கு இடமுண்டு. நின்று காது கொடுக்கிறவருக்கு அப்படித் துண்டாகத்தான் கேட்கும். ஆனால் இந்தப் பத்தியில் ஓர் இடத்தில் மட்டுமே இப்படி வருகிறது. இதன் சுவை கண்ட பிள்ளை அடுத்த கட்டுரையில் 'மாலை. வீடு. திண்ணை. பை. குட்டி இல்லை.' என்று எழுதிக்கொண்டு வரும். அப்போது முதல் பத்தியின் நோயே வேறு உடையில் திரும்ப வந்திருக்கிறது: எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஒரே எடை. பக்கத்துக்கு ஒன்றிரண்டு போதும்.

'வந்தது அந்தச் சத்தம்', 'நின்றது குட்டி' என்று இரண்டு இடங்களில் வினையை முன்னே தள்ளிப் பெயரில் முடித்திருக்கிறோம். 'குட்டி' வாக்கியத்தின் கடைசிச் சொல்லானதால், எட்டிப் பார்க்கிறவளுடைய கண் போகும் வழியிலேயே நாமும் போகிறோம். தண்ணீர், அதற்கு மேலே கல், கல்லில் ஒடுங்கிய கால்கள், கடைசியில் குட்டி. இதுவும் அளவோடு வேண்டிய சரக்கு. வரிக்கு வரி இப்படித் திருப்பிப் போட்டால் மேடைப் பேச்சின் ஒலி வந்துவிடும். 'வந்தார் மாமா, எடுத்தார் கயிற்றை, இறங்கினார் கிணற்றில்' என்று படித்தால் சிறுமியின் குரல் போய், ஒலிபெருக்கி கேட்கத் தொடங்குகிறது.

மாமா இறங்கும் வாக்கியத்துக்கு வருவோம். 23 சொற்கள். ரயில்பெட்டித் தொடர் என்று சற்று முன் குறை சொன்ன அதே எச்ச அடுக்குதான் இதிலும் இருக்கிறது: கட்டிக்கொண்டு, சுற்றி, கொடுத்துவிட்டு, வைத்து, தடுமாறி, நின்று. அங்கே தவறானது இங்கே எப்படிச் சரியானது? இங்கே செய்கிறவர் ஒருவரே. முதல் எச்சத்திலிருந்து முற்று வரை மாமாதான். எல்லாச் செயலும் ஒரே செயலின் படிகள்; கிணற்றில் இறங்குவது. மேலும், தமிழ் வாக்கியத்தில் முற்று கடைசியில்தான் கிடைக்கும் என்பதால், அவர் இறங்கினாரா, வழுக்கி விழுந்தாரா என்று தெரியாமல் படிப்பவர் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கிணற்று மேட்டில் நின்றவர்கள் காத்திருந்ததும் அப்படித்தானே. வாக்கியம் முடிந்ததும் 'யாரும் பேசவில்லை' என்று இரண்டு சொல்.

அதற்காக 23-ஐ 40 ஆக்கக் கூடாது. எல்லை எங்கே என்பதை வாய்விட்டுப் படித்தால் அறியலாம். காற்புள்ளிகளில் சற்று நின்று படித்தும் வாக்கியம் முடியும் முன் மூச்சு முட்டினால், அல்லது முற்றுக்கு வந்து சேர்ந்தபோது யார் தொடங்கினார் என்பது மறந்துபோனால், நடுவில் ஒரு முற்று வைத்து முறித்துவிட வேண்டும். பெயரெச்சத்தை அடுக்கும்போது இந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். 'நேற்று சந்தையில் வாங்கி வந்த வெள்ளைப் புள்ளி போட்ட அம்மாவுக்கு மிகவும் பிடித்த குட்டி' என்று எழுதினால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது கடைசிச் சொல் வரும் வரை தெரியாது. அதோடு, 'வாங்கி வந்த' என்பது குட்டிக்கா புள்ளிக்கா என்ற குழப்பமும் சேரும். ஒரு பெயருக்கு முன்னால் பெயரெச்சம் இரண்டுக்கு மேல் போனால், மிச்சத்தை அடுத்த வாக்கியத்துக்கு அனுப்புவது நல்லது.

கடைசியில் 'மிகவும் மகிழ்ச்சி அடைந்தேன்' போய்விட்டது. அதன் இடத்தில் குட்டி தோளில் கிடந்தது, கத்தியது. இது நடையைத் தாண்டிய விஷயம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'மகிழ்ச்சி அடைந்தேன்' என்பது எந்தக் கதையின் முடிவிலும் ஒட்டிக்கொள்ளும் இரண்டு சொல். கதை அதுவரை பிடித்து வந்த வேகத்தை அது பொருட்படுத்துவதே இல்லை.

'பிறகு' என்ற சொல்லையும் தேடினால் காணமாட்டீர்கள். பழைய பத்தியில் இரண்டு முறை இருந்தது. வரிசையை எச்சங்களே காட்டிவிடுவதால் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்புறம், அதன் பின்னர், அடுத்ததாக என்று மாற்றுச் சொற்களின் பட்டியலைக் கொடுப்பதால் பயனில்லை.

வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி ஆங்கிலம் கற்பிக்கும் நாடுகளில் நீண்ட காலமாக ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஃபிராங்க் ஓஹேர் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இலக்கணக் கலைச்சொற்களைச் சுமத்தாமல் இணைக்கும் பயிற்சியை மட்டும் கொடுத்துப் பார்த்து, 1973-இல் அதன் பயனைப் பதிவு செய்தார். 2007-இல் ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களின் எழுத்தை மேம்படுத்துவதாகப் பரிந்துரைத்த 11 வழிகளில் வாக்கிய இணைப்பும் ஒன்று. அவர்களுடைய மொழியின் மூட்டுகள் வேறு, நம்முடையவை வேறு. அந்தப் பயிற்சித்தாளை அப்படியே தமிழாக்கிப் பயனில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது, பிள்ளையின் கையில் வாக்கியத்தையே கொடுத்து இணைக்கவும் முறிக்கவும் விடலாம், கலைச்சொல்லைப் பின்னால் சொல்லலாம் என்ற முறையை. இணைப்பதோடு நிறுத்திவிடுவது அதன் குறை. நீளமே வளர்ச்சி என்று பிள்ளை எண்ணிவிடும்.

அதனால் வகுப்பில் இரண்டையும் சேர்த்தே செய்யலாம். மேலே காட்டிய 13 வாக்கியப் பத்தியைக் கரும்பலகையில் எழுதி, மூன்று குழுக்களுக்கு மூன்று வேலை. ஒரு குழு தேடும் பகுதியை மட்டும் எழுதட்டும், ஒரு குழு சத்தம் கேட்ட பகுதியை, ஒரு குழு மாமா இறங்கியதை. எத்தனை வாக்கியம் என்ற கட்டளை வேண்டாம். 'இங்கே காலம் ஓடுகிறதா, நிற்கிறதா' என்ற கேள்வி போதும். எழுதியதை எழுதியவர் படிக்கக் கூடாது. பக்கத்துக் குழுவிலிருந்து ஒருவர் எழுந்து, முன்கூட்டிப் பார்க்காமல் உரக்கப் படிக்கட்டும். எழுதியவர் படித்தால் தன் மனத்தில் இருக்கும் தாளத்தைக் குரலில் சேர்த்துப் படித்துவிடுவார், குறை தெரியாது. புதியவர் திக்கும் இடத்தில், இரண்டாம் முறை திரும்பிப் போய்ப் படிக்கும் இடத்தில், எழுதியவர் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் போதும். திருத்த வேண்டியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

திருத்தும் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் நடைக்காக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரைவில் ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை, நடை எல்லாவற்றையும் ஒரே சிவப்பில் காட்டினால், பிள்ளை மறுபடியும் மூன்று சொல் வாக்கியத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நீண்ட வாக்கியம் எழுதிப் பார்க்கும்போது 'வந்து குட்டி காணாமல் போயிருந்தது' போன்ற பிழைகள் கொஞ்ச நாள் கூடத்தான் செய்யும். அந்தப் பிழைக்கு அப்போது மதிப்பெண்ணைக் குறைக்காமல், 'வந்தது யார், காணாமல் போனது எது?' என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினால் அடுத்த வரைவில் அவர்களே மாற்றிவிடுகிறார்கள். நான்காம் ஐந்தாம் வகுப்பில் இவ்வளவும் வேண்டியதில்லை. வாயால் சொல்லவிட்டு, தேவையில்லாத 'நான்'களை அடிக்கச் சொல்லி, ஏதாவது ஓரிடத்தில் இரண்டு வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னாலே பத்தி இளகிவிடும். அறிவியல் விடையிலும் விண்ணப்பக் கடிதத்திலும் இந்த ஏற்ற இறக்கத்தை எதிர்பார்க்கவும் கூடாது. அங்கே 'காணோம்' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தினால் படிப்பவருக்கு இடறும்.